பரு ஒழிப்புத் திட்டம், கட்டம் ஒன்று

இதனால் இவ்வீட்டின் உறுப்பினர்கள் மூவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மகளின் முகத்தில் கடந்த சில நாட்களாக அத்துமீறி முளைத்துவரும் பருக்கள், இன்று தொடங்கிப் பதின்மூன்று வாரங்களுக்குள் முற்றிலும் ஒழிக்கப்படும். இதற்கான முழுப் பொறுப்பையும் குடும்பத் தலைவர் ஏற்றுக்கொள்கிறார். ஒத்துழைப்பு கட்டாயம். விடுமுறை கிடையாது.

அறிவிப்பு குளிர்சாதனப் பெட்டியின் கதவில், நான்கு மூலைக்கும் நான்கு காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கீழே கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே "பதிப்பு 1.0" என்று வேறு.

குடும்பத் தலைவர் ஒரு பிஸ்கட் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். இருபத்து மூன்று வருடமாக வட்டமான பிஸ்கட்டுகள் வட்டமாகவே இருக்கின்றனவா என்று பார்த்துவருபவர். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் ஒரு படிவமும் ஒரு வாராந்திரக் கூட்டமும் போட்டால் மடக்கிவிடலாம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வீட்டில் அவருக்கு "தரம்" என்று பெயர். வைத்தது மனைவி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவாள்.

மனைவிக்கு பஸ் டெப்போவில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் நாற்காலி. ஒரு நாளைக்கு நானூறு டிரைவர்களின் சாக்குப்போக்கைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாது.

மகள் பார்மசி கடைசி வருடம். அவளுடைய பிரச்சினை பரு அல்ல, பரு காரணமாகக் குனிந்துவிட்ட தலை. இறுதி வாய்மொழித் தேர்வுக்குப் பதின்மூன்று வாரம் இருக்கும்போது கல்லூரியில் ஒரு ஒத்திகை வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாட்டுக்குப் பதில் சாக்லேட், படிக்கும்போதெல்லாம் கை தாடையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒத்திகை நாளில் தாடையிலும் நெற்றியிலுமாக ஒன்பது பருக்கள், ஒவ்வொன்றும் சிவப்பு விளக்கு மாதிரி. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்தது. எல்லாப் பதிலையும் தன் செருப்பிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஆசிரியை மதிப்பெண் தாளில் எழுதியது ஒரே வரி: "தரையைப் பார்த்துப் பேசுகிறார். தன்னம்பிக்கை இல்லை. இறுதித் தேர்வில் இப்படியென்றால் சிரமம்."

அந்தத் தாளைப் பார்த்ததும்தான் தரம் களத்தில் இறங்கினார்.

"இதுல பயப்பட ஒண்ணுமே இல்லம்மா," என்றார், மகளை உட்காரவைத்து. "எண்ணெய் எங்க சேருதோ அங்கதான் கோளாறு. எங்க ஆலைல பிஸ்கட் வேகற தட்டுலயும் அதேதான். ஷிப்டுக்கு ரெண்டு தடவை சுரண்டிக் கழுவறோம். உன் மூஞ்சி என்ன, அந்தத் தட்டவிடப் பெரிசா?"

"ஏங்க, அது இரும்பு," என்றாள் அம்மா, பாத்திரம் துடைத்துக்கொண்டே.

"கொள்கை ஒண்ணுதான்."

கொள்கைப்படி ஒரு நாளைக்கு ஆறு முறை முகம் கழுவ வேண்டும். அதில் இரண்டு முறை குருணை குருணையாக இருக்கும் ஸ்க்ரப் போட்டுத் தேய்க்க வேண்டும். முகத்தின் படம் ஒன்றை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்து, அ-1 முதல் ஈ-5 வரை எண் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஆய்வுக் கூட்டம். டார்ச் அடித்து எண்ணுவார். எண்ணிக்கை கூடியிருந்தால் அந்த வார மருந்து தோல்வி, அடுத்த மருந்து உள்ளே. வாரா வாரம் ஒன்று. களிம்பு, ஜெல், முகத்தில் பூசிக் காயவிடும் பச்சைச் சேறு.

மகளுக்கு இதெல்லாம் தப்பு என்று தெரியாதா? தெரியும். பயிற்சிக்காக மருந்துக் கடையில் நின்றபோது, "எந்தப் பரு மருந்தா இருந்தாலும் குறைஞ்சது ரெண்டு மாசம் கொடுங்க, நாலு நாள்ல மாத்தாதீங்க" என்று எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் கண்ணாடியில் தெரிவது சொந்த முகமாக இருக்கும்போது, நாலு நாள் என்பது மிக நீண்ட காலம். அப்பா வாரத்துக்கு ஒன்று மாற்றினார் என்றால், அவள் நடுவில் ரகசியமாக இன்னொன்றும் மாற்றினாள்.

"கார்டிசால்ங்கற பதற்ற ஹார்மோன் பத்திப் பதினஞ்சு மார்க் கேள்விக்கு அஞ்சு பக்கம் எழுதுவ," என்றாள் வகுப்புத் தோழி. எல்லாரும் அவளை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். "இப்ப அது உன் மேல எழுதுதுடி."

முதல் ஞாயிறு ஒன்பது. இரண்டாவது ஞாயிறு பதினான்கு. மூன்றாவது ஞாயிறு டார்ச் ஈ-5 வரை போய்த் திரும்பி வந்தபோது இருபத்து மூன்று. தோல் வேறு எரிந்து, சிவந்து, பேசினால் இழுத்தது.

"நெத்தில ரெண்டு குறைஞ்சிருக்கு," என்றார் தரம், நம்பிக்கையுடன். "இது நல்ல அறிகுறி. கட்டம் இரண்டுக்குப் போறோம்."

மகள் எழுந்தாள். "அப்பா, நான் இந்தத் தேர்வுக்குப் போகல."

"என்னது?"

"அடுத்த தடவை எழுதிக்கறேன். ஆறு மாசம்தானே. இந்த மூஞ்சியோட போய் அங்க உக்கார என்னால முடியாது. சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வரலப்பா, காலைல நீங்க டார்ச் அடிப்பீங்கன்னு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டார்ச்சை எடுத்து அணைத்தாள். "நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட போறோம். தரம், நீங்களும் வாங்க. ஆனா வாய மூடிட்டு வரணும்."

வாயை மூடிக்கொண்டு வருவது என்பது அவர் அகராதியில் ஒரு கோப்பைத் திறந்துகொண்டு வருவது. டாக்டரம்மா 'டார்ச் ஆய்வு' என்று தலைப்பிட்ட அந்தக் கட்டம் போட்ட முகப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிரிப்பை அடக்குவதற்காக இருமினார்.

"தினம் ஆறு தடவை கழுவச் சொன்னது யாரு?"

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"பரு அழுக்கால வர்றதில்ல," என்றார் டாக்டரம்மா, மகளைப் பார்த்து. "உங்களுக்கு ஏற்கெனவே பரு வர்ற தோல். பரீட்சை பயம் அத புதுசா உண்டாக்கல, இருக்கறத ஊதிவிடுது. பதற்றத்துல கார்டிசாலும் அது மாதிரி சிலதும் ஏறுது. எண்ணெய்ச் சுரப்பி ஜாஸ்தி வேலை செய்யுது, வீக்கமும் கூடுது. அதோட தூக்கம் போச்சு, கை சும்மா இருக்காம கிள்ளுது, வழக்கமா செய்யறதெல்லாம் நின்னுபோகுது. எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கோலம். அதுக்கு மேல நீங்க சுரண்டிச் சுரண்டித் தோலோட மேல்படலத்தையே எடுத்துட்டீங்க."

தரத்தால் பொறுக்க முடியவில்லை. "அப்ப கார்டிசால் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே? வாரா வாரம் எடுத்தா ஒரு கிராப் போடலாம்."

"வேண்டாம் சார். அது காலைல ஏறும், ராத்திரி இறங்கும், ஊசியப் பார்த்தா திரும்ப ஏறும். வேற ஏதாவது உடம்புக் கோளாறு தெரிஞ்சாதான் அந்த டெஸ்ட். இங்க தெரியறது பரீட்சை மட்டும்தான்." கோப்பை மூடினார். "அப்புறம் ஒரு டார்ச்சும்."

சீட்டில் எழுதியது மிகக் குறைவு. காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். இரவில் அதே ஃபேஸ்வாஷ், ஒரு பட்டாணி அளவு அடாபலின் என்ற பரு மருந்து முகம் முழுக்க, மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் அடாபலின் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் கொஞ்சம் உலரும், பரு கொஞ்சம் கூடினமாதிரியும் தெரியும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். கிள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றார் தரம். இருபத்து மூன்று வருட அனுபவத்தில் இவ்வளவு சின்ன செயல்முறை ஆவணத்தை அவர் பார்த்ததே இல்லை.

"எனக்கு இன்னும் பத்தே வாரம்தான் இருக்கு," என்றாள் மகள்.

"அப்ப இன்னிக்கே ஆரம்பிங்க. நடுவுல மாத்தாதீங்க."

திரும்பி வரும் வழியில் மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "தேர்வுக்குப் பணம் கட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்."

அம்மாதான் முடிச்சை அவிழ்த்தாள். "உன் பிரச்சினை எனக்குத் தெரியும்டி. நல்ல நாள்ல எல்லாம் பண்ணுவ. ஒரு நாள் லேப்ல லேட்டாச்சுன்னா, 'இன்னிக்குப் போச்சு'ன்னு விட்டுடுவ. அடுத்த நாள் குற்ற உணர்ச்சில நாலு பொருள அள்ளிப் பூசுவ."

"ஆமா. அதுக்கு?"

"எங்க டெப்போல பஸ் லேட்டானா முழு ரூட் ஓட்டச் சொல்ல மாட்டோம். ரத்தும் பண்ண மாட்டோம். பாதி வழில திருப்பி விடுவோம், குட்டை டிரிப்னு. ஜனங்களுக்கு பஸ் வந்தா போதும். ரத்து பண்ணினாதான் மொத்த நாளும் குழம்பிப்போகும். உனக்கும் ஒரு குட்டை டிரிப் வேணும்."

அன்று மாலையே குட்டை டிரிப் வகுக்கப்பட்டது. எவ்வளவு மோசமான நாளானாலும் இரவில் மூன்று காரியம்: கழுவு, பட்டாணி, மாய்ஸ்சரைசர். வீட்டுக்கு வந்திருந்த ஒல்லி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். தொண்ணூறு நொடி. பொருட்களெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரே குவளையில் வைக்கப்பட்டன. பல் துலக்க யாரும் மறப்பதில்லை, அதனோடு இதையும் கோத்துவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. சன்ஸ்க்ரீன் இன்னொன்று கல்லூரிப் பையில். மற்றதெல்லாம், பச்சைச் சேறு உட்பட, ஒரு பையில் கட்டி வெளியே போனது. ஞாயிறு ஆய்வுக் கூட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. தரம் டார்ச்சைத் தன் மேசை இழுப்பறையில் வைத்து, துப்பாக்கியை ஒப்படைத்த படைவீரர் மாதிரி நின்றார்.

மகள் தேர்வுக்குப் பணம் கட்டினாள். கட்டிவிட்டு, "போறேன்னு சொல்லல, கட்டியிருக்கேன், அவ்வளவுதான்" என்றாள்.

வாரங்கள் ஓடின. வீரதீரம் எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் எழுத்துத் தேர்வுக்கு முந்தின நாள் தாடையில் நாலு புதிது. ஒல்லி ஏதோ ஒரு ட்யூபுடன் வந்தாள். "பூசினா ராத்திரியோட காணாமப் போயிடுமாம்."

"முதல்ல அது என் கண்ணு முன்னாலேர்ந்து காணாமப் போகட்டும், எடுத்துட்டுப் போ," என்றாள் மகள். கழுவினாள், பட்டாணி வைத்தாள், படுத்தாள். தொண்ணூறு நொடி. நாலு பருவும் மறுநாள் அங்கேயேதான் இருந்தன, ஆனால் எட்டாகவில்லை. படிக்கும்போது கை தாடைக்குப் போகாமலிருக்க, இடது கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது வாரம் எரிச்சல் அடங்கியிருந்தது. ஏழாவது வாரம் ஒல்லி எண்ணினாள், பதினொன்று. சில நாள் பன்னிரண்டு, சில நாள் பத்து. யாரும் படம் வரையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆலைக்குத் தணிக்கை வந்தது.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆய்வாளரை அனுப்புகிறார், பிடித்தால் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் மேலாளர் மாற்றம் என்று காற்றில் பேச்சு. தரம் வீட்டுக்கு வருவது தாமதமானது. தூக்கம் நாலு மணி நேரமானது. சாப்பாட்டுக்குப் பதில் தன் ஆலையின் க்ரீம் பிஸ்கட்டையே தின்றார், தரப் பரிசோதனை என்று அதற்குப் பெயரும் வைத்தார். தணிக்கைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஐம்பத்தோரு வயதில், பதினெட்டு வயதுக்குப் பிறகு முதல்முறையாக அவர் தாடையில் மூன்று பருக்கள் எழுந்தன. வீட்டுக் கட்டத்தின்படி இ-2, இ-3, இ-4.

பரு என்பது ஒழுங்கீனம் என்று மூன்று மாதமாகப் பேசிவந்த மனிதர் இதை யாரிடம் சொல்வார்? ஒருவரிடமும் சொல்லவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அது சரிப்படவில்லை என்றதும், பிரஷ் குவளையிலிருந்த மகளின் அடாபலினை எடுத்தார். பட்டாணி அளவு என்று சீட்டில் எழுதியிருந்தது. பிரச்சினை பெரிது, மேலாளரும் பெரியவர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போலப் பூசினார். ஒருநாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நாள்.

தணிக்கை நாள் காலையில் அவர் முகம் வெந்த தக்காளி. கன்னத்தில் தோல் காகிதம் மாதிரி உரிந்தது. கிள்ளிய இடம் கசிந்தது.

ஆலையில் உற்பத்திக் கூடத்தின் வாசலில் ஒரு பெண் காவலர் நிற்பார். கையில் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட அட்டை. தலைக்கு வலை உண்டா, மோதிரம் கழற்றியாயிற்றா, இப்படி. பதினோராம் கேள்வி: "முகம், கை ஆகிய இடங்களில் கசியும் புண் அல்லது உரியும் தோல் உள்ளதா? ஆம் எனில் எவராயினும் அனுமதி இல்லை." எழுதியவர் தரம். "எவராயினும்" என்பதற்கு அடிக்கோடு போட்டவரும் அவரே.

"சார், உள்ள போக முடியாது."

"நான் மேலாளர்மா."

"தெரியும் சார். பதினோராம் நம்பர்."

"அந்தப் பதினோராம் நம்பர எழுதினதே நான்!"

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றார் காவலர், உண்மையான மரியாதையுடன். கதவு மூடியது.

பின்னால் ஆய்வாளர் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். தரம் நாள் முழுக்கக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, உதவியாளருக்குக் கையால் சைகை காட்டி ஆய்வாளருக்கு ஆலையைச் சுற்றிக் காட்டவைத்தார். மாலையில் அறிக்கை வந்தது. ஒப்பந்தம் உண்டு. சிறப்புக் குறிப்பு: "சுகாதார விதி பதவி பார்க்காமல் அமல்படுத்தப்படுகிறது. மேலாளரையே தடுத்தது பாராட்டத்தக்கது."

வீட்டுக்கு வந்தபோது மகள் குளியலறை வாசலில், சப்பையாக நசுங்கிய ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய்மொழித் தேர்வுக்கு எட்டு நாள்.

"அப்பா. இது ரெண்டு மாசத்துக்கு வரணும்."

தரம் துண்டை எடுத்துக் கன்னத்தை மறைக்கப் பார்த்தார். அதற்குள் முகமே சொல்லிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் கூட விழாத அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு விழுந்தது. "ஏங்க, சுரண்டிக் கழுவலயா? தட்டு மாதிரி?"

மகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பத்து வாரத்துக்கு முன்னால் என்றால் அழுது, கடைக்கு ஓடி, நாலு புதுப் பொருள் வாங்கி வந்திருப்பாள். இப்போது சிரித்துவிட்டாள். அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, "ஒரு வாரம் இத தொடக் கூடாது. வெறும் ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலைல சன்ஸ்க்ரீன். கிள்ளக் கூடாது. பதினோரு மணிக்குத் தூங்கணும். புண்ணு ஆறலன்னா டாக்டர்" என்றாள். பிறகு கடைக்குப் போய் அதே மருந்தை, அதே பெயரில், ஒன்றே ஒன்று வாங்கி வந்து குவளையில் வைத்தாள். அன்றிரவும் தொண்ணூறு நொடிதான்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பழைய அறிவிப்பு இல்லை. அதன் இடத்தில் தரத்தின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "குட்டை டிரிப். ரத்து இல்லை." பதிப்பு எண் போட மறந்திருந்தார். அல்லது போடவில்லை.

தேர்வு நாள் காலையில் மகள் கண்ணாடி பார்த்தாள். இரண்டு பருக்கள், அதில் ஒன்று நேற்று வந்தது. பழையவை பழுப்புத் தழும்புகளாக மங்கிக்கொண்டிருந்தன. முகம் பளிங்கு ஆகிவிடவில்லை. முகமாக இருந்தது. கழுவினாள், பூசினாள், பையை எடுத்தாள்.

"போறியா?" என்றார் அப்பா, தன் தாடையைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்தி.

"போறேன்."

தேர்வு அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுழலாத ஒரு மின்விசிறி. மகள் உட்கார்ந்தாள். பதின்மூன்று வாரம், ஒரு டாக்டர், ஒரு டெப்போ, பூண்டோடு ஒழிக்கப்படவிருந்து ஒழியாத பருக்கள், அத்தனையையும் தாண்டி, தலையை நிமிர்த்தினாள். நெற்றியை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினாள். தாடையைத் தூக்கினாள். மருந்தளவு, பக்கவிளைவு, கார்டிசால் வரை, கேட்ட கேள்விக்கெல்லாம் நேராகப் பார்த்து, தெளிவாகப் பதில் சொன்னாள்.

தேர்வாளர் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். பதினேழு நிமிடத்தில் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.